மாரியும் பழைய புத்தகங்களும்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

வீட்டில் ஒழுக்கு இல்லை. அலுமாரிக்குள் ஒரு துளி தண்ணீர்கூடப் படவில்லை. பிறகு எப்படிப் புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது?

பூஞ்சணத்துக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும். அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன, எல்லாப் புத்தகங்களிலும் ஏற்கனவே படிந்திருக்கின்றன. அவை முளைப்பதற்கு இரண்டு விடயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, காற்றின் ஈரப்பதம் நாட்கணக்கில் 65 முதல் 70 சதவீதத்துக்கு மேல் நிற்பது. மற்றது, காற்று அசையாமல் தேங்கிக் கிடப்பது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை யாழ்ப்பாணத்தில் மூடிய அலுமாரிக்குள் இந்த இரண்டும் வாய்த்துவிடுகின்றன.

கடதாசி காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடும். ஒருநாள் மழை புத்தகத்தை ஒன்றும் செய்வதில்லை. விடாமல் ஒரு வாரம் மூட்டமாகக் கிடந்தால்தான் ஈரம் நடுப்பக்கம் வரை போய்ச் சேர்கிறது. அப்படிச் சேர்ந்த ஈரம் மழை விட்ட மறுநாளே வெளியேறியும் விடாது. மழை நின்று பத்து நாள் கழித்துப் பூஞ்சணம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அலுமாரியில் எந்த இடத்தில் முதலில் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் கீழ்த் தட்டு, பின்பக்கம், வெளிச்சுவரை ஒட்டிய மூலை. இரவில் வெளிச்சுவர் குளிர்கிறது. குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் அறையின் நடுவிலுள்ளதைவிடக் கூடுகிறது. பழைய கல்வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுவரின் அடிப்பகுதியில் உவர் பூத்துச் சாந்து உதிரும் இடத்தில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கும் அலுமாரிக்குள் நீங்கள் எதை வைத்தாலும் பயனில்லை. முதல் வேலை, அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது முன்னே இழுப்பது. இயன்றால் வீட்டின் உட்சுவர் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். கீழ்த் தட்டு நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும்.

ஈரப்பதமானி அவசியமா? கையால் தொட்டால் தெரியாதா?

தெரியாது. தொட்டு ஈரம் தெரியும்போது பூஞ்சணம் ஏற்கனவே வேரூன்றியிருக்கும். எண் காட்டும் சிறிய மின்னணு ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். பூச்சிமருந்துக்கும் வாசனைப் பைகளுக்கும் செலவிடும் காசைவிட அது நல்ல செலவு. அதை மேசையில் வைத்துப் பயனில்லை. அலுமாரியின் கீழ்த் தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் வையுங்கள்.

மலிவான கருவிகள் ஐந்து, ஏன் பத்துச் சதவீதம்கூடப் பிழை காட்டும். ஆகவே வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். போத்தல் மூடியொன்றில் சமையல் உப்பை நிரப்பி, அது குழைவாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து போய்விடக்கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் வைத்து இறுக மூடி, ஓர் இரவு விடுங்கள். நனைந்த உப்புக்கு மேலுள்ள அடைபட்ட காற்று எப்போதும் 75 சதவீதத்தில் நிற்கும். உங்கள் கருவி 81 என்று காட்டினால், அது ஆறு கூடுதலாகக் காட்டுகிறது என்று அட்டையில் எழுதி அதிலேயே ஒட்டிவிடுங்கள்.

65க்குக் கீழே நின்றால் நிம்மதியாக இருக்கலாம். 65க்கும் 75க்கும் இடையில் காற்றோட்டம் வேண்டும். 75க்கு மேல் ஒரு வாரம் நின்றால் புத்தகங்களை வெளியே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அந்த எண் 65க்குக் கீழே வருவதே இல்லை. என்ன செய்வது?

முதலில் அலுமாரியைத் திறக்கும் நேரத்தை மாற்றுங்கள். பலர் காலையில் எழுந்ததும் யன்னல்களையும் அலுமாரிக் கதவுகளையும் ஒருசேரத் திறந்துவிடுகிறார்கள். ஒருநாளில் காற்று மிக ஈரமாக இருப்பது விடியற்காலையில்தான். அப்போது திறந்தால் அந்த ஈரத்தைப் புத்தகங்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். வெயில் ஏறிக் காற்றுச் சூடாகும்போது ஈரப்பதம் இறங்கும். பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரைதான் மிகக் குறைவாக இருக்கும். மழையில்லாத நாளில் அந்த நேரத்தில் மட்டும் கதவுகளைத் திறந்து, அறையில் மின்விசிறியை ஓடவிடுங்கள். பொழுது சாயுமுன் மூடிவிடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் திறக்கவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கருவியை ஒருமுறை வெளி விறாந்தையில் வைத்துப் பாருங்கள்: வெளியே உள்ள எண் உள்ளே உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் திறக்கலாம்.

அடுத்தது இடைவெளி. புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். ஒன்றை இழுத்தால் பக்கத்துப் புத்தகம் கூடவே வரக்கூடாது. தட்டின் பின்விளிம்புக்கும் புத்தகத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அலுமாரியின் பின்பலகையில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று துளைகள் இட்டு நுண்வலை அடித்துவிட்டால் கதவு மூடியிருக்கும்போதும் காற்று மெல்ல நகரும்.

இத்தனைக்கும் பிறகும் கார்த்திகையில் எண் இறங்காத வீடுகள் உண்டு. கடலோரத்திலும் தீவுப்பகுதியிலும் இதை அதிகம் காணலாம். வெப்பமண்டல நாடுகளில் நெடுநாளாக இருந்துவரும் வழி, அலுமாரியின் அடியில் சிறிய மின்குமிழ் ஒன்றை எரியவிடுவது. காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரின் அளவு மாறாவிட்டாலும் ஈரப்பதம் குறையும். 26 பாகை செல்சியஸில் 85 சதவீதமாக உள்ள காற்றை 30 பாகைக்குக் கொண்டுவந்தால் அது ஏறத்தாழ 67 சதவீதமாகிவிடும். நான்கு பாகை உயர்வே பூஞ்சணத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் கோடு போட்டுவிடுகிறது. ஆனால் நான் இதைத் தயங்கித்தான் சொல்கிறேன். சூடு கடதாசி பழுப்பாவதை விரைவுபடுத்தும், எனவே மழை வாரங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். இழை எரியும் பழைய வகைக் குமிழ் வேண்டும், 15 வாட் போதும். எல்ஈடி குமிழ் போதிய சூடு தராது. குமிழைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு இருக்க வேண்டும், ஒரு அடி தூரத்துக்குக் கடதாசி எதுவும் இருக்கக்கூடாது, மின்னிணைப்பை மின்தொழிலாளி ஒருவரே செய்ய வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது எரியக்கூடாது. சூடேறிய கடதாசி விடும் ஈரம் வெளியே போக மேலே துளைகளும் வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே சுற்றி எண் இறங்காது. இவற்றில் ஏதாவது ஒன்று இயலாதென்றாலும் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

தை மாதம் எல்லாவற்றையும் வெயிலில் காயப்போடுவது எங்கள் வழக்கம். புத்தகத்தையும் போடலாமா?

பாயையும் தலையணையையும் போடுங்கள், புத்தகத்தை வேண்டாம். நேர்வெயில் பூஞ்சணத்தை உலர்த்தும், உண்மை. ஆனால் மலிவுப் பதிப்புக் கடதாசியை மிக விரைவாக மஞ்சளாக்குவதும் அதே வெயில்தான். ஒருபக்கம் மட்டும் வேகமாகக் காய்வதால் அட்டை வளைந்து நிற்கும், முதுகுப் பசையும் வெடிக்கும். நிழலான விறாந்தையில், காற்று வரும் பக்கத்தில், புத்தகத்தை விசிறிபோல் சற்று விரித்து நிறுத்தி வைத்தால் அதே பலன் ஒன்றிரண்டு நாளில் கிடைக்கும்.

அப்பாவின் றங்குப்பெட்டியைத் தைப்பொங்கலுக்குப் பிறகு திறந்தோம். நூறு புத்தகங்கள்வரை இருக்கும். மேல் வரிசையிலும் அடியிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியை மூடி, மூடியபடியே வெளி விறாந்தைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அறைக்குள் வைத்துத் துடைக்கத் தொடங்கினால் வித்துகள் மின்விசிறிக் காற்றில் மற்றப் புத்தகங்களுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் போய்ச் சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் இந்த வேலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டாம். செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். துணியை மூக்கில் கட்டுவது போதாது.

மேலும் கீழும் கெட்டு நடு தப்பியிருப்பதற்குக் காரணம் இரும்பு. இரவில் பெட்டியின் மூடி குளிர, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று மூடியின் உட்பக்கத்தில் வியர்த்து மேல் வரிசையை நனைக்கிறது. பெட்டியின் அடி குளிர்ந்த சீமெந்து நிலத்தில் நேராக இருந்திருக்கும். ஆகவே நடு வரிசைகளை முதலில் பத்திரமாக எடுத்து வேறாக வையுங்கள். அவற்றுக்கு விரித்து வைத்து இரண்டு நாள் காற்றாட விடுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தேவைப்படாது.

மீதியை இரண்டாகப் பிரியுங்கள். பூஞ்சணம் உள்ள இடத்தைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அது உறங்குகிறது. ஈரமாக, பிசுபிசுப்பாக இழுபட்டால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ந்துகொண்டிருப்பதைத் துடைக்கவே கூடாது. துடைத்தால் நிறம் கடதாசியின் நாருக்குள் ஏறி அழியாத கறையாகிவிடும். முதலில் உலர்த்துங்கள். புத்தகத்தை நிறுத்தி வைத்து, பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைக் கடதாசியை இடையில் செருகி, கடதாசி ஈரமானதும் மாற்றிக்கொண்டிருங்கள். பத்திரிகைத் தாளைச் செருகினால் அதன் மை பக்கங்களில் ஏறும். மின்விசிறி காற்றை அறையில் அசைத்தால் போதும், புத்தகத்தின் மேல் நேராக வீச வேண்டாம்.

எல்லாம் தூளாக உதிரும் நிலைக்கு வந்தபின் துடைப்பு. வர்ணம் பூசும் மெல்லிய தூரிகை, இரண்டு அங்குல அகலம், புதியது. புத்தகத்தை மூடியபடி இறுகப் பிடித்து முதலில் மூன்று விளிம்புகளையும், பிறகு அட்டையையும், அதன்பிறகே உட்பக்கங்களையும் துடையுங்கள். எப்போதும் முதுகிலிருந்து வெளிவிளிம்பை நோக்கியே தூரிகை போக வேண்டும், இல்லாவிட்டால் தூள் தையலுக்குள் சேர்ந்துவிடும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதற்கு முதுகைக் காட்டி இருந்தால் தூள் உங்களை விட்டு விலகிப் போகும். அந்தப் பக்கத்தில் உடுப்புக் கொடி இருக்கக்கூடாது. வழவழப்பான அட்டையை மட்டும் ஸ்பிரிட்டில் தோய்த்து நன்றாகப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம், அதுவும் ஒரு மூலையில் மை கரைகிறதா என்று பார்த்த பிறகு. உட்பக்கங்களில் ஸ்பிரிட்டோ, டெட்டோலோ, வெளிற்றும் திரவமோ எதுவும் வேண்டாம். சாதாரணத் தூசு உறிஞ்சும் இயந்திரமும் வேண்டாம்: முன்னால் உறிஞ்சிய வித்துகளைப் பின்னால் ஊதிவிடும்.

பெட்டியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள். வெயில் பெட்டிக்கு நல்லது. ஆனால் புத்தகங்களைத் திரும்ப அதற்குள் வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். துடைத்த புத்தகங்களைப் பங்குனி முடியும்வரை மற்றவற்றோடு சேர்க்காமல் தனித் தட்டில் வைத்து, வாரம் ஒருமுறை விளிம்புகளைப் பாருங்கள். கறைகள் போகாது. பூஞ்சணம் திரும்ப வராதிருந்தால் வேலை முடிந்தது.

புத்தகத்தைத் தின்பது இராமபாணப் பூச்சிதானா, வேறா? எப்படி அறிவது?

தின்ற அடையாளத்தைப் பாருங்கள். வெள்ளிநிறத்தில் வழுக்கி ஓடும் இராமபாணப் பூச்சி கடதாசியைத் துளைப்பதில்லை, மேற்பரப்பைச் சுரண்டுகிறது. அட்டையின் வர்ணம் ஒழுங்கற்ற திட்டுகளாக உரிந்திருக்கும். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சில இடங்கள் மெலிந்து, நடுவில் கிழிந்த ஓட்டைகள் தெரியும். பசையும் மாவும் உள்ள இடம் அதற்கு மிக விருப்பம், ஆதலால் முதுகும் அட்டை மடிப்பும் முதலில் போகும். பக்கம் பக்கமாக நேராகப் போகும் வட்டத் துளை என்றால் அது வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கறையான். அப்போது புத்தகத்தை விட்டுவிட்டு முதலில் சுவரையும் நிலத்தையும் பாருங்கள்.

இந்தப் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் தேவை ஒன்றுதான்: ஈரம். மேலே சொன்னபடி எண்ணைக் கீழே கொண்டுவந்தாலே அதன் பெருக்கம் குறைந்துவிடும். ஆனால் பல மாதம் உணவில்லாமலும் உயிரோடு இருக்கக்கூடியது, சில ஆண்டுகள் வாழக்கூடியது என்பதால் உடனே மறைந்துவிடாது. அது ஒளியும் இடத்தையும் எடுத்துவிட வேண்டும். பிஸ்கட் பெட்டி, பழப்பெட்டி போன்ற நெளி அட்டைப் பெட்டிகளில் புத்தகம் கட்டி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். நெளிகளும் பசையும் அதற்கு இடமும் உணவுமாகின்றன. தட்டில் விரித்த பழைய பத்திரிகையையும் எடுத்துவிடுங்கள்.

எத்தனை இருக்கிறது என்று அறியக் கண்ணாடிப் போத்தல் ஒன்று போதும். வெளிப்பக்கம் முழுவதும் துணி ஒட்டுநாடாவைச் சுற்றி, உள்ளே பாண் துண்டொன்றைப் போட்டு, இரவில் கீழ்த் தட்டில் வையுங்கள். சொரசொரப்பான வெளிப்பக்கத்தில் ஏறி உள்ளே விழும் பூச்சியால் வழவழப்பான கண்ணாடியில் ஏறி வெளிவர முடியாது. காலையில் உள்ளே பூச்சி கிடந்தால், அந்த அலுமாரியில் எங்கேயோ கூட்டம் இருக்கிறது.

பாதிக்கப்பட்ட சில புத்தகங்களுக்கு உறைய வைப்பதே நல்ல வழி. ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் இட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி –18 பாகைக்குக் கீழே போகுமானால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்! ஒருநாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். முன்னரே திறந்தால் குளிர்ந்த புத்தகத்தில் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். இது பூச்சியையும் முட்டையையும் கொல்லும். பூஞ்சண வித்தைக் கொல்லாது, வளராமல் நிறுத்தி மட்டும் வைக்கும். திடீரென்று நனைந்த புத்தகங்களை உலர்த்த நேரம் கிடைக்கும்வரை காப்பாற்ற அதுவும் உதவும்.

வேப்பிலை, வசம்பு, நப்தலீன் உருண்டை: எது நல்லது?

வேப்பிலையும் வசம்பும் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து வருபவை, அவற்றின் மணம் சில பூச்சிகளை விலக்கும். ஆனால் பச்சை வேப்பிலை ஈரத்தையும் கறையையும் கொண்டுவரும். நிழலில் நன்றாகக் காய்ந்ததை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள், பக்கங்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள், பழைய இலையே பூச்சிக்கு உணவாகிவிடும். பூஞ்சணத்தை இவை தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

நப்தலீனை நான் எந்த வீட்டுக்கும் சொல்வதில்லை. அதன் ஆவி கடதாசியில் ஏறி நீண்டகாலம் நிற்கும். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அதை மூச்சில் எடுக்கிறீர்கள். பிறந்த குழந்தைகளுக்கும், ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்கும் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் ஆபத்து உண்டு.

சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பைகளைச் சேர்த்து அலுமாரியில் போட்டிருக்கிறேன். பயன் உண்டா?

அலுமாரியில் இல்லை. காற்று உள்ளே வந்துபோகும் இடத்தில் அவை சில மணி நேரத்தில் நிறைந்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் மட்டும் அவற்றுக்கு வேலை உண்டு. அங்கும் அளவு முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். ஐம்பது மெல்லட்டைப் புத்தகங்கள் ஏறத்தாழ பத்துக் கிலோ வரும். மாரிக்காலக் காற்றில் இருந்த அந்தக் கடதாசியை 55 சதவீத நிலைக்குக் கொண்டுவர முந்நூறு கிராம்வரை நீரை எடுக்க வேண்டும். சிலிக்கா தன் எடையில் நான்கிலொரு பங்குதான் எடுக்கும் என்று வைத்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் தேவை. ஐந்து கிராம் பைகள் பத்தைப் போட்டு மூடினால், ஈரப் புத்தகத்தைப் பூஞ்சணத்தோடு சேர்த்து அடைத்து வைத்ததுதான் நடக்கும். ஆகவே மாசி, பங்குனியில், சில நாள் காற்றாடிக் காய்ந்தபின், பிற்பகலில் பெட்டியில் இடுங்கள். அப்போது பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ சிலிக்கா அந்த நிலையைக் காக்கப் போதும். நிறம் மாறும் செம்மஞ்சள் மணிகள் உள்ளதை வாங்கினால், நிறம் மாறியதும் எடுத்து 120 பாகை அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஈரப்பதமானியையும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியும்படி.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொலித்தீன் உறை போட்டால்?

தூசு படாது. ஆனால் ஈரத்தோடு இறுக ஒட்டினால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். ஒருபக்கம் திறந்த உறை போதும்.

பக்கங்கள் மஞ்சளாகி விளிம்பில் உதிர்கின்றன. திரும்ப வெண்மையாக்க முடியுமா?

முடியாது. மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் மரத்தை அரைத்துச் செய்த செய்தித்தாள் வகைக் கடதாசியில் அச்சானவை. மரத்தின் லிக்னின் அதிலேயே இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். ஒளியும் காற்றும் முதலில் படுவது விளிம்பில் என்பதால்தான் விளிம்பு கறுத்து நடு வெளிறியிருக்கிறது. அதைவிடக் கடுமையானது அமிலம். மை பரவாதிருக்க அந்தக் காலத்தில் சேர்த்த படிகாரம், ஈரமும் சூடும் சேரும்போது அமிலமாக வேலை செய்து நாரை உள்ளிருந்து வெட்டுகிறது. பக்கம் மஞ்சளாவது ஒளியின் வேலை, மடித்தால் ஒடிவது பெரும்பாலும் அமிலத்தின் வேலை. இரண்டையும் நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம்: கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் துணித்திரை, யன்னலுக்கு எதிரே வைக்காமை, ஓட்டுக்கு நேர்கீழே உள்ள சூடான மேல்தட்டைத் தவிர்த்தல். உள்ளே செருகிய பத்திரிகைத் துண்டுகளை வேறு உறைக்கு மாற்றுங்கள். அவை தம் அமிலத்தைப் பக்கத்தில் பதித்துவிடும்.

எங்கள் கடற்காற்றுக்கு உரிய இன்னொரு தொல்லை கம்பி. 1960களிலும் 70களிலும் வந்த பல மெல்லட்டைகள் கம்பி குத்திக் கட்டியவை. துருப்பிடித்த கம்பி சுற்றியுள்ள கடதாசியைத் தின்று, ஒருநாள் பக்கம் தன் ஓட்டையிலிருந்து கழன்றுவிடும். அட்டையைப் பிரித்து, பின்புறத்தில் கம்பியின் இரு கால்களையும் தட்டையான கத்தியால் மெல்ல நிமிர்த்துங்கள். கத்திக்கும் பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு இருக்கட்டும். கம்பியை முன்புறத்திலிருந்து இழுத்து எடுத்து, துருத்தூளைத் தட்டிவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துப் பின்னால் முடியுங்கள். நூலை மிக இறுக்கினால் பழைய கடதாசியை அறுத்துவிடும்.

கிழிந்த பக்கத்தை செலோடேப்பால் ஒட்டலாமா?

வேண்டாம். சில ஆண்டுகளில் நாடா கழன்றுவிடும், பசை மட்டும் பழுப்பாகப் பக்கத்தில் ஊறி நிற்கும். லாமினேற் செய்வதும் அப்படியே, திரும்ப எடுக்க வழியில்லை. கிழிந்த துண்டை அமிலமற்ற உறையொன்றில் இட்டு அந்தப் பக்கத்திலேயே வையுங்கள்.

வருடத்தில் எப்போது இதையெல்லாம் பார்ப்பது?

சரஸ்வதி பூசைக்கு எப்படியும் புத்தகங்களை எடுத்துத் துடைக்கிறோம். அது மாரி இறங்குவதற்குச் சற்று முன்னர் வருவதால் சரியான வேளை. எல்லாவற்றையும் இறக்கி, அலுமாரியைத் துடைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, ஈரப்பதமானியின் மின்கலத்தை மாற்றிவிடுங்கள். பூசையில் சந்தனப் பொட்டை அட்டையில் வைக்காமல், மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து அதில் வையுங்கள். ஈரச் சந்தனமும் குங்குமமும் மெல்லட்டையில் ஏறினால் போகாது. இரண்டாவது சுற்று தைப்பொங்கலுக்குப் பிறகு.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதை முதலில் பார்ப்பது?

கடையில் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கும் புத்தகத்தைக் கடைசியாகப் பாருங்கள். இங்குள்ள சிறு அச்சகங்களில் குறைந்த பிரதிகளே அச்சான கவிதைத் தொகுப்பு, ஊர்க் கோவில் மலர், பாடசாலை மலர், 1970களின் வீரகேசரிப் பிரசுரம் போன்றவை முதலில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, 1995இல் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். உங்கள் அலுமாரியில் இருப்பது எஞ்சிய மிகச் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம். noolaham.org என்ற எண்ணிம நூலகத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பக்கங்கள் உதிரத் தொடங்குமுன் எண்ணிமப்படுத்தக் கொடுங்கள். ஒடிகின்ற புத்தகத்தைப் பிரதி இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகு இரண்டாகிவிடும். பாதியளவே திறந்து, இருபக்கமும் துணிச்சுருள் கொடுத்துத் தாங்கி, மேலிருந்து பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். முன் அட்டை, உள் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம், பின் அட்டை நான்கையும் விடாதீர்கள். பலர் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.